பெட்டியில் 1 மில்லிசெகண்ட், இருட்டு மூலையில் 25

ஷார்ஜா அல் நஹ்தாவில் இருக்கும் என் நண்பனும் நானும் ஒரே ஸ்கூல். ரெண்டு பேருடைய அப்பாக்களும் எண்பதுகளில் இங்கே வந்தவர்கள். இப்போ அவனுடைய பையன் பதினொன்றாம் வகுப்பு. பத்தாவது போர்டு எக்ஸாம் முடிந்ததும் வாங்கித் தருவதாகச் சொன்ன கேமிங் பிசியை அப்பா வாங்கியும் கொடுத்துவிட்டான். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், கூடவே 27 இன்ச் வளைந்த மானிட்டர். மானிட்டர் பெட்டியில் கொட்டை எழுத்தில் "165 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட்".

மூணு மாசத்தில் வீட்டில் சண்டை. பையன் "லேக் ஆகுது, எதிரி வர்றது சரியா தெரியல, வேற மானிட்டர் வேணும்"னு சொல்கிறான். அப்பா, "இவனுக்குப் புதுசா ஏதாவது வேணும், அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கிறான்"னு சொல்கிறான். ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. "மச்சான், நீ சாப்ட்வேர்ல இருக்கே, ஒரு தடவை வந்து பாத்துட்டு, மானிட்டர்ல ஒண்ணும் இல்லேன்னு இவன்கிட்ட சொல்லிட்டுப் போடா." தீர்ப்பை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தான்.

நம்ம வீடுகளில் இந்த வாக்குவாதம் நிறைய நடக்கிறது. அதனால் அன்னைக்குப் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

"லேக்" என்பது பிள்ளைகள் வாயில் ஒரே வார்த்தை, ஆனால் அதற்குள் மூணு வேறு வேறு கோளாறு இருக்கலாம். ஒன்று நெட். இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு போதுமான வேகத்தில் படத்தை வரைந்து தராமல் இருப்பது. மூன்றாவதுதான் மானிட்டர். முதல் ரெண்டையும் கழித்துவிட்டுத்தான் மூன்றாவதைக் குற்றம் சொல்ல வேண்டும்.

நெட்டை விளையாட்டே காட்டிக் கொடுத்துவிடும். திரையின் ஓரத்தில் பிங் என்று ஒரு எண் ஓடும்படி செட்டிங்கில் வைக்கலாம். இங்கிருந்து பஹ்ரைன் ஐநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. அமேசான் 2019-இல் அங்கே டேட்டா சென்டர் திறந்த பிறகு கல்ஃபில் விளையாடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே சர்வர் கிடைக்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் பல விளையாட்டுகளுக்கு ஐரோப்பா வரை போய் வர வேண்டியிருந்தது. பையனுடைய பிங் அரை மணி நேரம் இருபதைத் தாண்டவில்லை, குதிக்கவும் இல்லை. நெட் இல்லை. கிராபிக்ஸ் கார்டும் இல்லை, அவன் நண்பர்களோடு ஆடும் துப்பாக்கி விளையாட்டில் நொடிக்கு 250 பிரேமுக்கு மேல் ஓடியது.

அப்புறம் விண்டோஸில் இந்த இடத்துக்குப் போனேன்:

```
Settings > System > Display > Advanced display
```

அங்கே "Choose a refresh rate" என்ற இடத்தில் 60 என்று இருந்தது.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூணு மாசமாக 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை 60-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனிடம் கோபப்பட ஒன்றுமில்லை. பெட்டியில் 165 என்று போட்டிருந்தால் மாட்டியதும் 165 ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விண்டோஸ் பல நேரம் 60-இலேயே தொடங்கும். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினாலும் சில சமயம் பழையபடி 60-க்குத் திரும்பிவிடும். இன்னொரு விஷயமும் இருந்தது. அவன் மாட்டியிருந்தது எச்டிஎம்ஐ கேபிள். அந்த மானிட்டரின் மேனுவல்படி எச்டிஎம்ஐ வழியாக 144 வரைதான் போகும், 165 வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட்தான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது. மாற்றினோம், 165 வந்தது.

"பாத்தியா? மானிட்டர்ல ஒண்ணும் இல்ல," என்றான் நண்பன். பாதிதான் சரி.

இந்த 60-க்கும் 165-க்கும் என்ன வித்தியாசம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கடையில் பணம் கரைவது இந்த எண்ணில்தான். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 தடவை திரையில் புதுப் படம் வருகிறது. ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் அப்படியே நிற்கிறது. நம்ம கண் அப்படி நிற்காது, நகரும் பொருளின் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போகும். கண் நகர, படம் நிற்க, அந்த இடைவெளிதான் மங்கலாகத் தெரிகிறது. ஒரு பொருள் நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் போனால், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 16 புள்ளி அகலத்துக்கு இழுவை. 165 ஹெர்ட்ஸில் ஆறு புள்ளிதான். testufo.com என்ற தளத்தில் ஒரு பறக்கும் தட்டு சரியாக இந்த வேகத்தில்தான் போகும், அதில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பையனின் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கேம் பக்கமே போகாதவர்கள், "இதுல அந்த ஆளோட கண்ணு தெரியுது அண்ணா, அதுல தெரியலியே"ன்னாங்க.

ஆனால் எண் ஏற ஏறக் கிடைக்கும் லாபம் சுருங்கும். 60-இலிருந்து 144-க்குப் போனால் ஒரு படத்தின் நேரம் 16.7-இலிருந்து 6.9 மில்லிசெகண்டாகக் குறையும், பத்து மில்லிசெகண்ட் லாபம். 144-இலிருந்து 240-க்குப் போனால் மூணுகூட இல்லை. 240-இலிருந்து 360-க்கு ஒன்றரைகூட இல்லை. விலை மட்டும் இப்படிச் சுருங்குவதில்லை.

சரி, 165 வந்தாச்சு. பையன் ஒரு ஆட்டம் ஆடினான். "நல்லா இருக்கு அங்கிள். ஆனா அது இன்னும் இருக்கு."

எது?

திரையில் வெயில் அடிக்கும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தவன், இருட்டான ஒரு குடோனுக்குள் போய் அங்கே நின்று மவுஸை வலமும் இடமும் ஆட்டிக் காட்டினான். சுவரோரம் இருந்த கறுப்புப் பெட்டிகள் நகரும்போது பின்னால் கரி பூசினமாதிரி ஒரு இழுவை. வெளிச்சமான தெருவில் அது இல்லை, இருட்டில் மட்டும்தான். எதிரி ஒளிந்திருப்பதும் இருட்டில்தானே.

பையன் சொன்னது உண்மை. அது அந்தத் திரையின் குணம். அந்த மானிட்டரில் இருப்பது விஏ பேனல்.

எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் திரவப் படிகங்கள் திரும்பித் திரும்பி வெளிச்சத்தை விடும், மறைக்கும். விஏ பேனலில் மின்சாரம் இல்லாதபோது அந்தப் படிகங்கள் திரைக்குச் செங்குத்தாக நிற்கும், வெளிச்சம் நன்றாக அடைபட்டுவிடும். அதனால்தான் விஏ-வில் கறுப்பு ஆழமாக இருக்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் 3000-க்கு 1 என்ற அளவில் இருக்கும். ஐபிஎஸ்ஸில் அது பொதுவாக 1000-க்கு 1 தான். கடையில் விஏ எடுப்பாகத் தெரிவதற்கும், வளைந்த மலிவு மானிட்டர்கள் பெரும்பாலும் விஏ-வாக இருந்தும் நன்றாக விற்பதற்கும் இதுவே காரணம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நேராக நிற்கும் அந்தப் படிகத்தைக் கொஞ்சூண்டு மட்டும் சாய்க்க வேண்டும்போது. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு என்றால் பலமாகத் தள்ளலாம், சட்டென்று விழும். கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு என்றால் தள்ளுவதும் மெதுவாகத்தான், அது சாய்வதும் சோம்பேறித்தனமாகத்தான். சாதாரண விஏ-க்களில் இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் 20, 30 மில்லிசெகண்ட்கூட ஆகும். 165 ஹெர்ட்ஸில் ஆறு மில்லிசெகண்டுக்கு ஒரு புதுப் படம் வந்துகொண்டிருக்கும்போது, பழைய படம் நாலைந்து படத்துக்கு ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

"பெட்டியில் 1 மில்லிசெகண்ட்னு போட்டிருக்கே!" நண்பன் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். நல்லவேளை, எறியாமல் வைத்திருந்தான்.

அந்த 1-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பிஆர்டி என்று இருந்தது. இந்த நுணுக்கம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம். பெட்டியில் வரும் மில்லிசெகண்ட் இரண்டு வகை. ஜிடிஜி என்றால் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்குப் புள்ளி மாற ஆகும் நேரம். அதிலும் கம்பெனி போடுவது அவர்களுக்குச் சாதகமான, வேகமான மாற்றத்தின் நேரத்தை. மெதுவான இருட்டு மாற்றத்தை யாரும் பெட்டியில் போட மாட்டார்கள். எம்பிஆர்டி என்பது வேறு கணக்கு. பின்விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் கண் சிமிட்டுவதுபோல அணைத்து அணைத்து எரித்தால் ஒரு படம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் தெரிகிறது என்பது. புள்ளியின் வேகத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சிமிட்டலைப் போட்டால் திரை வெளிச்சமும் குறையும், பல மானிட்டர்களில் அதைப் போட்டால் பிரேம் வேகத்தோடு திரையை ஒத்திசைக்கும் வசதியும் போய்விடும். சிலருக்குத் தலைவலியும் வரும். அதனால் வாங்கியவர்கள் அதைப் போடுவதே இல்லை. போடாத ஒன்றின் எண் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது.

நம்ம வீட்டுத் திரையில் உண்மையில் எவ்வளவு என்று தோராயமாகக் கண்டுபிடிக்க முடியும், கையில் இருக்கும் போனே போதும். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஸ்லோமோஷன் நொடிக்கு 240 படம் எடுக்கும், அதாவது ஒரு படம் 4.2 மில்லிசெகண்ட். போனை ஸ்டாண்டில் வைத்து, கரும்சாம்பல் பின்னணியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும் காட்சியை எடுத்தோம். அப்புறம் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தி, பட்டை ஒரு இடத்தை விட்டுப் போன பிறகு அங்கே நிழல் எத்தனை படம் வரை தங்குகிறது என்று பையன் எண்ணினான். ஆறு, சில இடத்தில் ஏழு. ஆறு நாலு இருபத்தஞ்சு. பெட்டியில் 1, திரையில் 25. இது லேப் அளவு இல்லை, ரெண்டு மூணு மில்லிசெகண்ட் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 1-க்கும் 25-க்கும் உள்ள தூரம் அந்தப் பிழைக்குள் அடங்காது.

மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவ் என்று ஒன்று இருக்கும், சில கம்பெனிகள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். படிகத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டு வேகமாகத் திருப்பும் தந்திரம். அதை உச்சத்தில் வைத்துப் பார்த்தோம். இருட்டு இழுவை கொஞ்சம் குறைந்தது, ஆனால் வெளிச்சமான இடத்தில் ஓடுகிறவன் பின்னால் இப்போது ஒரு வெள்ளை ஒளிவட்டம். தள்ளின தள்ளில் நிறம் எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு பேயை விரட்டி இன்னொரு பேயைக் கூப்பிட்ட கதை. பெரும்பாலான மானிட்டர்களில் நடுவில் இருக்கும் அளவுதான் சரிப்படும். இங்கேயும் நடுவிலேயே விட்டோம். இழுவை இருக்கத்தான் செய்தது.

நண்பன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரிடா, நீ சொன்னது பொய் இல்ல," என்று பையனைப் பார்த்துச் சொன்னான். பையன் அதற்குப் பதில் சொல்லாமல், "ஆனா அறுபதுல ஓட்டுனது என் தப்புதான்பா"ன்னான். மானிட்டரைவிட எனக்கு அது பெரிசாகப் பட்டது.

அடுத்த வாரம் மூணு பேரும் பர்துபாய் மன்கூல் ரோட்டில் அல் ஐன் சென்டருக்குப் போனோம். அங்கே கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பிளாசாவும், காலித் பின் வலீத் ரோட்டுக் கடைகளும் எங்க ஸ்கூல் காலத்திலிருந்தே பழக்கம். ஆன்லைனில் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், நவம்பர் ஒயிட் ஃப்ரைடேயில் இன்னும் குறையும். ஆனால் மானிட்டரைப் பொறுத்தவரை நேரில் ஆன் செய்து பார்க்கக் கிடைக்கும் வாய்ப்புக்கு நூறு திர்ஹாம் அதிகம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்திருந்தோம். அது செலவில்லாதது, யாரும் செய்வதும் இல்லை. 1080பி திரையிலிருந்து 1440பி-க்குப் போனால் கிராபிக்ஸ் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்திலிருந்து 37 லட்சமாக ஏறும், 1.78 மடங்கு. 4கே என்றால் 83 லட்சம், சரியாக நாலு மடங்கு. நம்ம கார்டு இதைத் தாங்குமா என்று மானிட்டர் வாங்கிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? என்விடியா கண்ட்ரோல் பேனலில் "DSR - Factors" என்று ஒன்று இருக்கிறது. அதில் 1.78x-ஐத் தேர்ந்தெடுத்தால், பழைய 1080பி மானிட்டரிலேயே விளையாட்டுக்குள் 2560 × 1440 என்ற அளவு காட்டும். கார்டு அந்த அளவுக்கு முழுசாக வரைந்து, பிறகு சுருக்கித் திரைக்கு அனுப்பும். படம் எப்படித் தெரிகிறது என்பதை விடுங்கள், பிரேம் எண்ணைப் பாருங்கள். ஏஎம்டி கார்டில் இதற்குப் பெயர் விர்ச்சுவல் சூப்பர் ரெசல்யூஷன்.

பையனின் பிசியில் துப்பாக்கி விளையாட்டு 250-க்கு மேல் இருந்தது 200 பக்கம் இறங்கியது, கவலையில்லை. கதை விளையாட்டு ஒன்று, மழையும் நியான் விளக்குமாக இருக்கும் கனமான ஒன்று, 80 பக்கம் ஓடியது 55-க்கு வந்தது. 55 குறைவுதான், ஆனால் மானிட்டரில் அடாப்டிவ் சிங்க் இருந்தால் தாங்கும். கார்டு எப்போது படத்தைத் தருகிறதோ அப்போது திரை புதுப்பித்துக்கொள்ளும், பாதிப் படம் கிழிந்து தெரியாது. ஃப்ரீசிங்க், ஜிசிங்க் கம்பேட்டிபிள் என்று பெட்டியில் இருப்பதெல்லாம் இந்தக் குடும்பம்தான். பல மானிட்டர்களில் அது 48-க்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும் என்பதால் 55 எல்லைக்குள் நிற்கிறது. 4கே-யையும் போட்டுப் பார்த்தோம். கதை விளையாட்டு முப்பதைக்கூடத் தொடவில்லை. நண்பனுக்கு 4கே மேல் ஆசை இருந்தது, "படமும் பாத்துக்கலாம்ல"ன்னு சொல்லிக்கொண்டிருந்தான். அந்த முப்பதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

கடையில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் கவுண்டரில் இருந்தார். "அண்ணே, ஐபிஎஸ் மட்டும் காட்டுங்க, ஜிடிஜி எவ்ளோன்னு தனியா போட்டிருக்கிறத எடுங்க"ன்னதும் சிரித்துக்கொண்டே, "வளைஞ்சது வேணாமா? எல்லாரும் அததான் கேக்குறாங்க"ன்னார். டிஎன் பேனல்கள் இப்போது கடையில் அதிகம் இல்லை. ஒரு காலத்தில் வேகத்துக்கு அதுதான். கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறிப்போகும். ஐபிஎஸ் அந்த வேகத்தைப் பிடித்த பிறகு டிஎன்னுக்குக் காரணம் குறைந்துவிட்டது. ஓலெட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, படிகம் திரும்பும் வேலையே இல்லை, அந்த இருட்டு இழுவை என்ற பேச்சுக்கே இடமில்லை. பையன் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். எங்கள் பட்ஜெட் 1000 திர்ஹாம், அதன் விலை அதைப்போலப் பல மடங்கு. தவிர, படிக்கவும் அதே திரைதான் என்றால் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும் டாஸ்க்பார் தடம் நாளடைவில் ஓலெட்டில் பதிந்துபோகும் பயம் உண்டு.

கடைசியில் மேசைமேல் நின்றவை ரெண்டு. ஒன்று 24 இன்ச், 1080பி, 240 ஹெர்ட்ஸ். இன்னொன்று 27 இன்ச், 1440பி, 180 ஹெர்ட்ஸ். ரெண்டும் ஐபிஎஸ், ரெண்டும் பட்ஜெட்டுக்குள். பையனின் கண் 240 மேல்.

கணக்கு போட்டுப் பார்த்தோம். 180 ஹெர்ட்ஸில் ஒரு படம் 5.6 மில்லிசெகண்ட், 240-இல் 4.2. வித்தியாசம் 1.4. போட்டிக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளை, ஒரே விளையாட்டு, வேறெதற்கும் அந்தத் திரை வேண்டாம் என்றால் நானே 240-ஐத்தான் எடுத்துக் கொடுப்பேன். இவன் அப்படி இல்லை. மாலையில் ஒன்றரை மணி நேரம் விளையாட்டு, மீதி நேரம் இயற்பியல் பிடிஎஃப், கம்ப்யூட்டர் சயன்ஸ் கோடு.

பழைய திரையில் அதுவும் ஒரு தொந்தரவாகவே இருந்தது, ஆனால் யாரும் அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை. 27 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு அங்குலத்துக்கு 82 புள்ளிதான். ஒரு புள்ளி 0.31 மில்லிமீட்டர். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் எழுத்தின் ஓரம் மாவு சிதறினமாதிரி தெரியும். ஆங்கில எழுத்து எப்படியோ தப்பிவிடும். நம்ம "ணை", "ஞ", "ஷ" எல்லாம் சுழி மேல் சுழி, சின்ன அளவில் அடைந்துபோய்விடும். 24 இன்ச்சில் அதே 1080பி 92 புள்ளி ஆகும், பரவாயில்லை. 27 இன்ச்சில் 1440பி என்றால் 109. கடைக்காரரிடம் கேட்டு, ரெண்டு திரையிலும் இந்த மாதிரி ஒரு தமிழ்ப் பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். நண்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தான். பையனும் பார்த்தான். 27-ஐக் காட்டி, "இது"ன்னான்.

இருட்டுச் சோதனையையும் விடவில்லை. அதே பட்டை வீடியோ, அதே போன். நிழல் ரெண்டு படம் வரை தங்கியது. எட்டு மில்லிசெகண்ட் சுமார். பெட்டியில் இதற்கும் 1 என்றுதான் போட்டிருந்தது, அது வேறு விஷயம்.

பணம் கொடுப்பதற்கு முன் திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தோம். வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டைக் காட்டினால் அது வாரண்டிக்குள் வராது என்று சொல்கிற கம்பெனிகள் நிறைய. வாரண்டி எந்த நாட்டுக்கு என்பதையும் பில்லில் எழுதி வாங்கினோம். லீவுக்குப் போகும்போது ஊருக்குக் கொண்டுபோய் விடலாம் என்று மானிட்டர் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே வாங்கியதற்கு அங்கே சர்வீஸ் கிடைக்காமல் போகலாம்.

ஐபிஎஸ்ஸிலும் குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முழு இருட்டில் கறுப்புத் திரை போட்டால் மூலைகளில் வெளிறிய ஒரு ஒளி கசியும். கறுப்பு கரும்சாம்பலாகத்தான் தெரியும். நண்பன் வீட்டில் பையனின் அறை மேற்குப் பார்த்தது, மாலை நாலு மணிக்கு வெயில் நேராக உள்ளே விழும். அந்த வெளிச்சத்தில் விஏ-வின் ஆழமான கறுப்பும் வெளிறித்தான் தெரியும், அதனால் அங்கே அந்த இழப்பு பெரிசில்லை. ஆனால் கோடையில் நம்ம ஊர்ப் பழக்கப்படி கனமான திரைச்சீலையை மூடிவிட்டு லைட்டையும் அணைத்து உட்கார்ந்தால் கசிவு தெரியும். பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு போட்டுக்கொள்ளச் சொன்னேன். இருட்டறையில் படம் பார்ப்பதும், மெதுவாகப் போகும் கதை விளையாட்டும்தான் ஒரு வீட்டில் வேலை என்றால், அங்கே விஏ தப்பான பொருளே இல்லை. இவனுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது மச்சான் வழியில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றான். மாட்டேன் என்றேன். ஆகஸ்ட் மாசம், மதியம், கார் டிக்கியில் மானிட்டர். பெரும்பாலான மானிட்டர் மேனுவலில் ஓடுவதற்கே 40 டிகிரிதான் எல்லை. நிறுத்தி வைத்த காரின் உள்ளே எவ்வளவு சூடாகும் என்று ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்த நமக்குத் தெரியும். பார்சல் வாங்கிக்கொண்டு நேராக வீடு. ஏசி அறையில் ஒரு மணி நேரம் பெட்டியோடு ஆறவிட்டுத்தான் பிரித்தோம்.

பழைய வளைந்த மானிட்டரைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். அவள் கார்ட்டூன் பார்ப்பாள், படம் வரைவாள், அவளுக்கு அந்த ஆழமான கறுப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. பையன் புது மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினான். விளையாட்டைத் திறக்கவில்லை. முதல் வேலையாக "Advanced display" பக்கத்துக்குப் போனான். அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க வந்து பாருங்க."

60-இல்தான் நின்றது.